பிரின்டர் ரோலரில் சுற்றிக்கொண்ட பேப்பரைக் கிழியாமல் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரின்டர் சர்வீஸ் செய்கிறேன். "பேப்பர் ரோலர்ல சுத்திக்கிச்சு, இழுக்கலாமா?" என்று கேட்டு வரும் போன்களில் பெரும்பாலானவை ஏ4 அளவு கறுப்பு வெள்ளை லேசர் பிரின்டர் வைத்திருக்கும் கடைகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் வருகின்றன. எனவே இந்தப் பக்கம் அந்த வகை மெஷினைப் பற்றியது. அதிலும் ஃபியூசர் என்னும் சூடான பகுதியில் சுற்றிக்கொள்ளும் தாளைப் பற்றியது. இங்க் டேங்க் பிரின்டருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே போட்டிருக்கிறேன்.

பேப்பர் சிக்கிக்கிறதும் சுத்திக்கிறதும் ஒண்ணுதானே சார்?

இல்லை, எடுக்கும் விதமே வேறு. சிக்கிய தாள் பாதையில் எங்கோ நின்றுபோய்க் கிடக்கும். அதன் முன் ஓரம் ஒரு பக்கம் தெரியும், பின் ஓரம் மறுபக்கம் தெரியும். இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுத்தால் வந்துவிடும்.

சுற்றிய தாளில் முன் ஓரம் காணாமல் போயிருக்கும். வெளியே வர வேண்டிய ஓரம் ரோலரோடு ஒட்டிக்கொண்டு, ரோலர் சுழலச் சுழல அதன்மேலேயே அடுக்கடுக்காக ஏறியிருக்கும். பின் ஓரம் மட்டும் வால்போல வெளியே நீண்டிருக்கும். இதை இழுத்தால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றை இறுக்கும். நூல்கண்டிலிருந்து நூலை எடுப்பதுபோல, கண்டைத் திருப்பினால்தான் இது வரும். கீழே வரும் பதில்கள் எல்லாமே இதை வைத்துத்தான்: தாளை இழுப்பதில்லை, ரோலரைத் திருப்பித் தாளை வாங்கிக்கொள்கிறோம்.

உள்ள பல ரோலர் இருக்கே, எதுல சுத்தியிருக்குன்னு எப்படித் தெரியும்?

முதலில் டோனர் கார்ட்ரிட்ஜை வெளியே எடுங்கள். எடுத்ததும் ஒரு துணியால் மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். அதில் உள்ள டிரம் வெளிச்சம் பட்டால் கெடும். கார்ட்ரிட்ஜ் இருந்த குழியில் குறுக்காக ஒரு கறுப்பு ஸ்பாஞ்ச் ரோலர் தெரியும். அது டிரான்ஸ்ஃபர் ரோலர். அதில் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் பிரின்ட் மங்கலாக வரும்.

அதைத் தாண்டி, தாள் வெளியேறும் பக்கத்தில் இருப்பதுதான் ஃபியூசர். ஒன்றோடு ஒன்று அழுந்திய இரண்டு உருளைகள். ஒன்று சூடாகும், மற்றது ரப்பர் போர்த்திய பிரஷர் ரோலர். பின்பக்கக் கதவு இருந்தால் அதையும் திறந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். உருளை தன் நிறத்தில் தெரியாமல் வெள்ளையாக, வழக்கத்தைவிடப் பருமனாகத் தெரிந்தால் அதில்தான் சுற்று இருக்கிறது. முனையில் தாள் அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரிவதையும் பார்க்கலாம்.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணா அதுவே வெளிய தள்ளிடாதா?

சாதாரணமாகச் சிக்கிய தாளை சில மெஷின்கள் அப்படித் தள்ளிவிடும். சுற்றிய தாளில் இதைச் செய்யவே வேண்டாம். ஆன் செய்தவுடன் மோட்டார் ரோலர்களை முன்னோக்கிச் சுழற்றும். அதாவது இன்னும் இரண்டு மூன்று சுற்று ஏறும். வெளியே நீண்டிருந்த வாலும் உள்ளே போய்விடும். என்னிடம் வரும் மெஷின்களில் மிகவும் மோசமாக இறுகியவை எல்லாம் இப்படி மூன்று நான்கு தடவை ஆன் செய்து பார்க்கப்பட்டவைதான்.

சூடா இருக்குமே, எவ்வளவு நேரம் ஆற விடணும்?

சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து வைத்து அரை மணி நேரம் விடுங்கள். ஃபியூசர் வேலை செய்யும் சூடு 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். சூடாகும் உருளைக்குப் பதில் மெல்லிய உறை உள்ள சிறிய மெஷின்கள் சீக்கிரம் ஆறும். தடித்த அலுமினிய உருளை உள்ளவை நேரம் எடுக்கும். விரலால் தொட்டுச் சோதிக்காதீர்கள், உள்ளங்கையை ஒரு அங்குலம் தள்ளிக் காட்டினாலே சூடு தெரியும்.

"சூடா இருக்கும்போதே இழுத்தா டோனர் இளகி சுலபமா வருமே" என்றும் கேட்கிறார்கள். இளகிய டோனர்தான் தாளை ரோலரோடு ஒட்ட வைத்ததே. ஆறிய பிறகு டோனர் கெட்டியாகிவிடும், தாள் பெயர்ந்து வரும்.

சரி, எடுக்கிறது எப்படி? படிப்படியா சொல்லுங்க.

கார்ட்ரிட்ஜ் வெளியே, பிளக் வெளியே, மெஷின் ஆறியிருக்கிறது. முதல் வேலை, இரண்டு ரோலர்களுக்கும் நடுவே இருக்கும் அழுத்தத்தைத் தளர்த்துவது. பல மெஷின்களில் பின்கதவைத் திறந்தால் ஃபியூசரின் இரண்டு முனையிலும் பச்சை அல்லது நீல நிறத்தில் சிறிய நெம்புகோல்கள் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள் அல்லது இழுங்கள். ஒன்றை மட்டும் தளர்த்தினால் ரோலர் ஒரு பக்கம் தூக்கி, மறுபக்கம் கடித்துக்கொண்டு நிற்கும். தாள் கோணலாகக் கிழிவது இதனால்தான். நெம்புகோல் இல்லாத மெஷின்களும் உண்டு. அவற்றில் கதவைத் திறக்கும்போதே அழுத்தம் கொஞ்சம் குறையும்படி வைத்திருப்பார்கள்.

அடுத்து, ஃபியூசரின் ஒரு முனையில் பல்சக்கரம் தெரியும். பென்சிலின் ரப்பர் முனையை அதன் பல்லில் வைத்து ஒரு பல், இரண்டு பல் அளவு தள்ளுங்கள். வெளியே நீண்ட வால் கொஞ்சம் நீளமானால் திசை சரி. குறைந்தால் எதிர்த்திசையில் திருப்புங்கள். இது தெரிந்தால் போதும், எந்த மாடல் என்றாலும் குழப்பம் வராது.

திசை தெரிந்ததும், ஒருவர் சக்கரத்தைத் திருப்ப, இன்னொருவர் வாலின் இரண்டு ஓரங்களையும் இரண்டு கையால் பிடித்துக்கொள்வது நல்லது. பிடிப்பவர் இழுக்கக் கூடாது. தொய்வு இல்லாமல் நேராக வைத்திருந்து, விடப்படும் அளவை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். தாளை ரோலரின் மேற்பரப்பை ஒட்டியபடியே வெளியே கொண்டுவாருங்கள். செங்குத்தாகத் தூக்கினால் ரோலரையே இருக்கையிலிருந்து தூக்குகிறீர்கள் என்று அர்த்தம்.

மெஷினோட புத்தகத்துல பேப்பர் போற திசையில இழுக்கச் சொல்லியிருக்கே, நீங்க பின்னாடி திருப்பச் சொல்றீங்க?

புத்தகம் சொல்வது சிக்கிய தாளுக்கு. முன் ஓரம் ஃபியூசரைத் தாண்டி வெளியே தெரிந்தால் நானும் அதையே சொல்வேன்: முன்னோக்கி, தாள் போகும் திசையில். ஃபியூசருக்கு முன்னால் இருக்கும் தாளில் டோனர் இன்னும் பொடியாகத்தான் இருக்கும், பின்னால் இழுத்தால் அது வழியெல்லாம் பூசும். புத்தகம் அப்படிச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

முன் ஓரம் ரோலரைச் சுற்றிவிட்டது என்றால் முன்னோக்கிப் போக வழியே கிடையாது. அப்போது பின்னோக்கி அவிழ்ப்பதுதான் ஒரே வழி. பொடி கொட்டத்தான் செய்யும். கார்ட்ரிட்ஜ் இருந்த குழியில் ஒரு செய்தித்தாளை விரித்துவிட்டு ஆரம்பியுங்கள். கொட்டியதைக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். வீட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டாம், டோனர் அதன் துணி வழியாகத் தப்பி அறையில் பரவும். கையை, சட்டையைப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும்.

சக்கரம் திரும்பவே மாட்டேங்குது. பலமா திருப்பலாமா?

வேண்டாம். பிளாஸ்டிக் பல் ஒன்று போனாலும் பிறகு மெஷின் ஓடும்போது "டிக் டிக்" என்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். சக்கரம் திரும்பாததற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, கதவு முழுவதும் திறக்காமல் சக்கரம் மோட்டாரோடு இன்னும் இணைந்திருக்கும். மேல்கதவு, பின்கதவு இரண்டையும் கடைசிவரை திறந்து மறுபடி முயலுங்கள். இரண்டாவது, தாள் மடிந்து மடிந்து ரோலருக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே ஆப்பு அடித்ததுபோல் நிற்கும். அப்போது முன்னும் பின்னுமாக ஒரு பல் அளவுக்கு ஆட்டிக்கொண்டே இருங்கள். மடிப்பு நசுங்கி இடம் கொடுக்கும்.

இரண்டும் நடக்கவில்லை என்றால் ஃபியூசரைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். சிறிய மெஷின்களில் அது ஏழெட்டு ஸ்க்ரூவும் சில வயர்களும் உள்ள வேலை. பழக்கம் இல்லாதவர்கள் அதில் இறங்க வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் இருக்கும் பெரிய காப்பியர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. அதில் ரோலரைத் திருப்புவதற்கென்றே பச்சைக் குமிழ் வைத்திருப்பார்கள், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அம்புக்குறியும் இருக்கும்.

வாலே இல்ல. மொத்தப் பேப்பரும் கசங்கி உள்ள போயிடுச்சு. எங்க பிடிக்கிறது?

பின் ஓரம் சுற்றின் மேலடுக்கில் எங்கோ படிந்திருக்கும். அழுத்தத்தைத் தளர்த்திவிட்டு, சக்கரத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டே டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் ஓரம் தெரியாது. சாய்த்து அடித்தால் அந்த ஓரத்தின் நிழல் ஒரு கோடாக விழும். அந்தக் கோடு மேலே வந்ததும் நிறுத்துங்கள்.

ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து, அதன் மூலையை அந்த ஓரத்தின் கீழ் நுழையுங்கள். தாளுக்கும் தாளுக்கும் நடுவேதான் கார்டு போக வேண்டும், தாளுக்கும் ரோலருக்கும் நடுவே அல்ல. நடுவில் ஆரம்பித்து இடமும் வலமுமாகக் கார்டை நகர்த்தினால் ஓரம் முழு அகலத்துக்கும் எழும். மூலையை மட்டும் எழுப்பி அதைப் பிடித்து இழுப்பதுதான் எல்லோரும் செய்வது. கசங்கிய தாளில் மடிப்புக் கோடுகள் ஏற்கெனவே பாதி முறிந்திருக்கும், மூலையில் தொடங்கிய கிழிசல் அந்தக் கோடு வழியே உள்ளே ஓடிவிடும். முழு அகலமும் எழுந்தபின், முன்னே சொன்ன அவிழ்க்கும் முறைதான்.

ஸ்க்ரூடிரைவர், பிளேடு வச்சு லேசா நெம்பினா என்ன?

சிறிய மெஷின்களில் சூடாகும் உருளை என்பது உருளையே இல்லை. எச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி 2900 போன்றவற்றில் அது உள்ளே வெறுமையான ஒரு மெல்லிய உறை. சர்வீஸ் கடைகளில் டெஃப்லான் என்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன்கூட இருக்காது. உள்ளே கிரீஸ் தடவிய ஒரு தட்டையான பீங்கான் ஹீட்டர்மேல் அது வழுக்கிச் சுழலும். உலோக முனை பட்டால் ஒரே கீறலில் கிழியும். கிழியாமல் மடிந்தாலும் அந்த மடிப்பு போகாது.

பிரஷர் ரோலரின் சிலிக்கான் ரப்பரும் அப்படித்தான். வெட்டு விழுந்தால் ஆறாது. அலுமினிய உருளை உள்ள மெஷினில் தாளைப் பிரித்துவிடுவதற்காக உருளைமேல் உட்கார்ந்திருக்கும் சிறு நகங்கள் உண்டு, பிக்கர் ஃபிங்கர் என்பார்கள். நெம்பும்போது அதன் ஸ்பிரிங் தெறித்துக் காணாமல் போகும், அப்புறம் ஒவ்வொரு தாளும் சுற்றும். எனவே கார்டு, ஐஸ்கிரீம் குச்சி, முனை மழுங்கிய பிளாஸ்டிக் இடுக்கி, இவை போதும்.

எங்க ஸ்கூல்ல ஒரு பக்கம் அடிச்ச பழைய பேப்பர்ல கேள்வித்தாள் அடிச்சோம். கீழ் ரோலர்ல சுத்திக்கிச்சு. பாதிக்கு மேல வெளிய இருக்கு, இழுத்தா இறுகுது. என்ன பண்ண?

போனிலேயே பேசி எடுத்த ஒன்று இது, விவரமாகவே சொல்கிறேன். வெளியே இருந்த வாலை ஸ்கேலால் அளக்கச் சொன்னேன். 17 செ.மீ. ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ., ஆகவே 12.7 செ.மீ. உள்ளே. ரோலர் சுமார் 20 மி.மீ. விட்டம், அதன் சுற்றளவு 6.3 செ.மீ. அப்படியானால் இரண்டு சுற்று ஏறியிருக்கிறது. இந்தக் கணக்கு உதவும்: ரோலரை எத்தனை சுற்று பின்னால் திருப்ப வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், நடுவில் இறுகும்போது அவசரப்பட்டு இழுக்கத் தோன்றாது.

முதல் சுற்று சுலபமாக வந்தது. இரண்டாவதின் கடைசி மூன்று செ.மீ. அசையவில்லை. பழைய அச்சு இருந்த பக்கம் பிரஷர் ரோலரைப் பார்த்து இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் தடித்த கறுப்புப் பட்டை ஒன்று. அந்தப் பழைய டோனர் மறுபடி இளகி ரோலரில் ஒட்டியிருக்கிறது. இரண்டாம் பக்கம் அடிக்கும் தாள் கீழ் ரோலரில் சுற்றுவதற்கு இதுதான் வழக்கமான காரணம். அங்கே மட்டும் வாலை விட்டுவிட்டு, ஒட்டிய இடத்துக்கு ஒரு விரல் தள்ளித் தாளை முழு அகலத்துக்கும் பிடிக்கச் சொன்னேன். பிறகு சக்கரத்தை ஒரு பல், கார்டை ஒரு தள்ளு, மறுபடி ஒரு பல். சிறு "சர்ர்" சத்தத்தோடு பெயர்ந்து வந்தது.

மேஜையில் விரித்ததும் இடது மூலையில் நகம் அளவுக்குத் தாள் இல்லை என்று தெரிந்தது. டார்ச் அடித்துத் தேடியபோது ரோலரின் முனையைத் தாங்கும் புஷ் ஓரமாக அந்தத் துண்டு மடிந்து கிடந்தது. அதையும் இடுக்கியால் எடுத்த பிறகுதான் மெஷினை ஆன் செய்தார்கள்.

அய்யோ, கிழிஞ்சிருச்சு. பாதி உள்ளேயே இருக்கு.

மேலும் எதையும் பிடித்து இழுக்காதீர்கள். வெளியே வந்ததை மேஜையில் வைத்து, பக்கத்தில் ஒரு முழுத்தாளை வைத்துப் பொருத்திப் பாருங்கள். எந்தப் பகுதி, என்ன வடிவம் உள்ளே இருக்கிறது என்பது தெரியும். இடது பக்கம் கிழிந்திருந்தால் மெஷினிலும் இடது பக்கம்தான் தேட வேண்டும், பக்கத்தை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பெரிய துண்டு என்றால் கார்டு முறையிலேயே எழுப்புங்கள். கிழிந்த ஓரம் சாய்வாக இருக்கும், அகலமாக இருக்கும் பக்கத்திலிருந்து எழுப்புங்கள். சிறு துண்டுகள் ரோலரில் ஒட்டியிருந்தால் சக்கரத்தைத் திருப்பி அவற்றை மேலே கொண்டுவந்து, விரல் நுனியால் ஒரே திசையில் உருட்டினால் சுருண்டு வரும். நகத்தால் சுரண்ட வேண்டாம். தண்ணீர் தெளித்து ஊறவைக்கவும் வேண்டாம். ஊறிய தாள் கூழாகிப் பல இடத்துக்குப் போகும், ஹீட்டரின் மின் இணைப்புகளும் அங்கேதான் இருக்கின்றன.

எல்லாத்தையும் எடுத்துட்டேன், இன்னமும் பேப்பர் ஜாம்னு காட்டுது.

தாள் இருக்கிறதா என்று மெஷின் கண்ணால் பார்ப்பதில்லை. ஃபியூசர் வாசலில் ஒரு சிறு கறுப்பு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். தாள் அதைத் தள்ளினால் சென்சார் மாறும். விரலால் மெதுவாக அதை அழுத்தி விடுங்கள். சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் சாய்ந்தே நின்றால் அடியில் ஒரு துண்டு இருக்கிறது, அல்லது இழுத்த வேகத்தில் நாக்கு தன் குழியிலிருந்து நழுவியிருக்கிறது.

இது சரியாக இருந்தால், பள்ளியில் நடந்ததுபோல் எடுத்த தாளை விரித்து மூலைகளைச் சரிபாருங்கள். நான்கு மூலையும் இருக்கிறதென்றால் பச்சை நெம்புகோல்களைப் பழையபடி மூடினீர்களா, கதவு முழுவதும் பூட்டியதா என்று பாருங்கள். நெம்புகோல் திறந்தபடியே ஓட்டினால் டோனர் ஒட்டாமல் கையில் வரும்.

ரோலர் வளைஞ்சிருச்சோன்னு பயமா இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஃபியூசரின் பிரஷர் ரோலர் உள்ளே எஃகுத் தண்டு. கை பலத்தில் அது வளைவது அரிது. வளைவதும் உடைவதும் பெரும்பாலும் அதற்கு அடுத்து இருக்கும், தாளை வெளியே தள்ளும் மெல்லிய தண்டு. தாளைப் பிடித்து மேல்நோக்கி இழுக்கும்போது விசை முழுவதும் அந்தத் தண்டின் நடுவில் விழுகிறது. இன்னொன்றும் நடக்கும்: தண்டு நேராகவே இருக்கும், அதன் முனையைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ் கூட்டிலிருந்து எழும்பியிருக்கும். பார்ப்பதற்கு வளைந்ததுபோலவே தெரியும். புஷ்ஷைக் குழியில் அழுத்தி உட்கார வைத்தால் சரியாகிவிடும்.

சோதிக்க, தண்டின் ஓரமாக ஒரு ஸ்கேலை நேராகப் பிடித்து, தண்டை மெதுவாகச் சுழற்றுங்கள். நடுவில் ஸ்கேலுக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளி மாறாமல் இருக்க வேண்டும். சுற்றுக்கு ஒரு முறை நெருங்கி விலகினால் வளைவு இருக்கிறது. இடைவெளி ஒரு முனையில் அதிகம், மறுமுனையில் குறைவு, ஆனால் சுழலும்போது மாறவில்லை என்றால் அது புஷ் பிரச்சினை. வளைந்த தண்டைக் கையால் நிமிர்த்த முயல வேண்டாம், வளைவு வேறிடத்துக்கு நகருமே தவிர முழுதாகப் போகாது. மாற்றுவதே வழி.

எடுத்த பிறகு பிரின்ட்ல ஒரே மாதிரி கறை திரும்பத் திரும்ப வருது. என்ன போச்சு?

முதலில் வெறும் தாள்களாக நான்கைந்து ஓட்டுங்கள். ரோலரில் மீதியிருந்த டோனர் அவற்றில் ஒட்டி வந்துவிடலாம். ஒவ்வொரு தாளிலும் கறை மங்கிக்கொண்டே போனால் கவலை இல்லை.

மங்கவில்லை என்றால் ஒரு கறைக்கும் அடுத்த கறைக்கும் உள்ள தூரத்தை அளங்கள். அதை 3.14 ஆல் வகுத்தால் குற்றவாளி உருளையின் விட்டம் கிடைக்கும். சுமார் 75 மி.மீ. இடைவெளி என்றால் விட்டம் 24 மி.மீ.; 12ஏ போன்ற கார்ட்ரிட்ஜில் டிரம் அந்த அளவு. கார்ட்ரிட்ஜ் வெளிச்சத்தில் கிடந்ததா, கீறல் பட்டதா என்று பாருங்கள். இடைவெளி 60 மி.மீ. பக்கம் வந்து, கறையின் இடத்தில் டோனர் ஒட்டாமலும் இருந்தால் சந்தேகம் ஃபியூசர் மேல்தான். டார்ச் அடித்து உறையில் மடிப்போ கீறலோ தேடுங்கள்.

ஒரு வாரத்துல மூணாவது தடவை சுத்துது. பிரின்டர் போயிடுச்சா?

முதலில் தாளைச் சந்தேகப்படுங்கள். மழைக்காலத்தில் பிரித்து வைத்த கட்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரத்தாள் ஃபியூசரில் நுழைந்ததும் சுருளும், விறைப்பில்லாததால் உருளையை விட்டுப் பிரியாது. ஐப்பசி, கார்த்திகையில் எனக்கு வரும் அழைப்புகள் கூடுவது இதனால்தான். புதுக்கட்டைப் பிரித்து அதே பக்கத்தை அடித்துப் பாருங்கள். ஒழுங்காக வந்தால் மெஷினில் கோளாறு இல்லை. மீதித் தாளை அதன் உறையிலேயே சுற்றி, பிளாஸ்டிக் பையில் வையுங்கள். 70 ஜிஎஸ்எம்முக்குக் குறைந்த மெல்லிய தாளும் இந்த வேலையைச் செய்யும்.

அடுத்தது டிசைன். தாள் முதலில் நுழையும் ஓரத்தில் முழுக் கறுப்புப் பட்டை வைத்த நோட்டீஸ், லெட்டர்ஹெட் போன்றவற்றில் அந்த ஓரமே ஒட்டிக்கொள்ளும். மேலே 5 மி.மீ. ஆவது வெள்ளையாக விடுங்கள், அல்லது பக்கத்தைத் தலைகீழாக அடியுங்கள். பட்டை கடைசியில் போகும். புதுத்தாள், வெள்ளை ஓரம் இரண்டும் இருந்தும் சுற்றினால்தான் உறையோ பிக்கர் ஃபிங்கரோ தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

எங்களுது இங்க் டேங்க் பிரின்டர். அதுக்கும் இதே முறையா?

சூடு கிடையாது, அதனால் காத்திருக்க வேண்டாம். ஆனால் தண்டுகள் மெலிந்தவை, வெளியே தள்ளும் தண்டின் மேல் சிறு பற்கள் உள்ள நட்சத்திரச் சக்கரங்கள் வரிசையாக இருக்கும். அவை மெல்லிய ஸ்பிரிங் கம்பியில் நிற்பதால் மேல்நோக்கி இழுத்தால் கழன்றுவிடும். தாளை மட்டமாக, மேஜைக்கு இணையாகவே வெளியே கொண்டுவாருங்கள். பின்னால் தாள் வைக்கும் மாடல்களில், பாதிக்கு மேல் பின்பக்கம் தெரிந்தால் பின்வழியாக எடுப்பதே நல்லது.

இரண்டு எச்சரிக்கை. ஹெட் நகரும் பாதையில் குறுக்கே போகும் மெல்லிய, கண்ணாடி போன்ற பட்டையைத் தொடாதீர்கள். அதில் விரல் ரேகை பட்டாலே ஹெட் இடம் தெரியாமல் போய் மோதும். ஹெட்டையும் பலமாகத் தள்ளாதீர்கள், அது ஓரத்தில் பூட்டியிருந்தால் தள்ளுவதில் கியர் உடையும்.

ஸ்டிக்கர் ஷீட் சுத்திக்கிச்சு. பசை ரோலர்ல ஒட்டியிருக்கு.

இதில் மட்டும் கார்டு முறையை அதிக தூரம் கொண்டுபோகாதீர்கள். பின்தாள் அவிழும் வரை அவிழ்த்து எடுங்கள். லேபிள் ரோலரிலேயே தங்கிவிட்டால், அதன் ஓரத்தை விரலால் எழுப்பி, ரோலரைத் திருப்பிக்கொண்டே தட்டையாக உரித்துப் பாருங்கள். வந்தால் சரி. ரப்பரோ உறையோ சேர்ந்து எழும்புகிற மாதிரி இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

மிஞ்சும் பசையைத் தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதைக் கொண்டும் துடைக்க வேண்டாம். ரோலரின் மேற்பூச்சு போவதோடு, ஆவி தங்கிய ஃபியூசரை 200 டிகிரிக்குச் சூடாக்குவது தீ விபத்துக்கு வழி. பசை இருக்கும்போது ஓட்டினால் அடுத்த தாளும் அதே இடத்தில் சுற்றும். மெஷினை அணைத்தபடியே சர்வீஸுக்குக் கொண்டுபோய், "உள்ளே லேபிள் இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் சோதிக்க ஆன் செய்வார்கள், அந்த ஒரு சுழற்சியில் பசை அடுத்த ரோலருக்கும் ஏறிவிடும்.